கடைச் சரக்கு வீட்டுக்கு, வீட்டு பில் கல்லாவுக்கு: எடுப்புகளைக் கணக்கில் எழுதும் முறை

போன வருடம் ஏப்ரல் முதல் வாரம். கோபியில் சத்தி ரோட்டோரம் உள்ள ஒரு மளிகைக் கடையில் சரக்கிருப்பு எடுத்துக்கொண்டிருந்தோம். எண்ணி முடித்ததும் கடைக்கார அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க தம்பி, சரக்கு ஒரு லட்சத்துக்கு மேல கொறையுதுங்க. கடையில நிக்கற பையன் மேலதான் எனக்கு டவுட்டு."

பையன் நான்கு வருடமாக அங்கே இருக்கிறவன். நான் எதுவும் சொல்லாமல் இருப்புத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் மாடியிலிருந்து அக்கா இறங்கி வந்து, ராக்கில் இருந்து இரண்டு பாக்கெட் துவரம்பருப்பையும் ஒரு லிட்டர் கடலெண்ணெயையும் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். யாரும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவும் இல்லை.

"அக்கா எடுத்துட்டுப் போறதெல்லாம் எங்கீங்கண்ணா எழுதறீங்க?" என்று கேட்டேன். "கடை நம்முளுது, பருப்பு நம்முளுது. அதுக்கு எதுக்குங்க நோட்டு?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த வழிகாட்டி. உரிமையாளர் தன் வீட்டுக்கென்று கடையிலிருந்து எடுக்கும் சரக்கும் பணமும்தான் எடுப்பு. ஒருவரே உரிமையாளராக இருக்கும் கடையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கூட்டு வியாபாரமாக இருந்தால் முறை இதேதான், ஆனால் ஒவ்வொரு பங்குதாரருக்கும் தனித்தனி எடுப்புக் கணக்கு வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனி வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். அங்கே கம்பெனி வேறு ஆள், டைரக்டர் வேறு ஆள். அவர் எடுப்பது கடனாகவோ சம்பளத்தோடு சேர்ந்த சலுகையாகவோ பார்க்கப்படும். அது வேறு கதை.

குறைந்த சரக்கு எங்கே போனது

முதலில் அண்ணன் பயந்த அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2024-25-ல் ஆரம்ப இருப்பு 6,00,000 ரூபாய். வருடக் கொள்முதல் 52,00,000. விற்பனை 57,00,000. மார்ச் கடைசியில் எண்ணிய இருப்பு 5,50,000.

அண்ணனுக்கு வழக்கமாக விற்பனையில் பத்து சதவீதம் கிடைக்கும். அப்படியானால் 57 லட்சத்துக்கு விற்ற சரக்கின் அடக்கம் 51,30,000. கடைக்குள் வந்த மொத்தச் சரக்கு 58,00,000. ஆக ராக்கில் 6,70,000 இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 5,50,000. குறை 1,20,000.

மாடிக்குப் போய் அக்காவோடு உட்கார்ந்தேன். வீட்டில் ஆறு பேர். மாதம் எவ்வளவு அரிசி, எத்தனை லிட்டர் எண்ணெய், என்னென்ன பருப்பு, சோப்புத்தூள் எத்தனை கிலோ என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, ஒவ்வொன்றுக்கும் கொள்முதல் பில்லில் இருந்த விலையைப் போட்டேன். மாதம் ஏறக்குறைய 9,000 ரூபாய் வந்தது. வருடத்துக்கு 1,08,000. மீதி 12,000 எலி கடித்தது, மூட்டை கிழிந்து சிந்தியது, தேதி முடிந்து போனது. இந்த அளவு விற்பனைக்கு அது சாதாரணம்தான். பையன் எதையும் எடுக்கவில்லை.

வீட்டு உபயோகத்தை எழுதாத கடையில் முதலில் தெரியும் அறிகுறி இதுதான்: விலை குறைக்கவில்லை, போட்டியும் கூடவில்லை, ஆனால் மொத்த லாபச் சதவீதம் மட்டும் இறங்கியிருக்கும். இந்தக் கடையில் அது 7.9 சதவீதமாகத் தெரிந்தது. வீட்டுக்குப் போனதை விலக்கிப் பார்த்தால் 9.8.

முதல் வேலை: ஒரு நோட்டு

பதிவு போடுவது ஐந்து நிமிட வேலை. எடுக்கும் நேரத்தில் குறித்து வைப்பதுதான் பாதிக் கடைகளில் நடப்பதில்லை. ஆகவே கணக்கை விட்டுவிட்டு முதலில் நோட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், பேனாவைக் கயிற்றில் கட்டி, ஒரு நாற்பது பக்க நோட்டைத் தொங்க விடுங்கள். அதில் தேதி, பொருள், அளவு, எடுத்தவர் என்று நான்கு கட்டம் போதும். விலைக்குக் கட்டம் போட வேண்டாம். போட்டால், விலை தெரியாததால் எழுதாமல் போய்விடுவார்கள். விலையை மாதக் கடைசியில் நீங்களோ கணக்கு எழுதுகிறவரோ போட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கடையில் முதல் முழு மாதம் ஜூன். முதல் பக்கம் இப்படி இருந்தது:

2.6 – அரிசி 25 கிலோ – அக்கா
2.6 – ரீஃபைண்டு எண்ணெய் 15 லிட்டர் டின் 1 – அண்ணன்
5.6 – து.பருப்பு 2 கிலோ – அக்கா
5.6 – மி.தூள், மல்லி – அக்கா
6.6 – வெத்தலை, பாக்கு – ஆத்தா

"மி.தூள், மல்லி" என்பதில் அளவில்லை. இப்படித்தான் வரும். மாதக் கடைசியில் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம், திட்டினால் அடுத்த மாதம் அந்த வரியே வராது.

எது வீட்டுக்கு, எது கடைக்கு என்பதையும் இந்த நோட்டிலேயே பிரித்துவிடுங்கள். பையனுக்கு மத்தியானச் சோறு கடைச் செலவில் போடுகிறீர்கள் என்றால், அதற்கான அரிசி எடுப்பு ஆகாது, ஊழியர் நலச் செலவு. எலி கடித்த மூட்டையும் எடுப்பு ஆகாது. கோயில் அன்னதானத்துக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தால், கொடுத்தது நீங்கள், ரசீதும் உங்கள் பெயரில் வரும். அதனால் அதை எடுப்பில்தான் வைப்பேன்.

இரண்டாவது: என்ன விலை போடுவது

வாங்கிய விலை, அதாவது அடக்க விலை. விற்கும் விலையும் போடக்கூடாது, எம்.ஆர்.பி.யும் போடக்கூடாது.

காரணம் எளிது. நம் கையிலிருந்து நாமே வாங்கி நமக்கு லாபம் வராது. வெள்ளிக் கட்டிகளும் பங்குகளும் வியாபாரம் செய்த ஒருவர், தம் இருப்பிலிருந்து கொஞ்சத்தை எடுத்து ஒரு டிரஸ்டுக்கு வைத்தார். கணக்கில் அடக்க விலையைத்தான் எழுதினார். சந்தை விலையைப் போட்டு, வித்தியாசத்துக்கு வரி கட்டு என்றது வருமான வரித்துறை. 1953-ல் உச்ச நீதிமன்றம், ஒரு மனிதன் தன்னோடு தானே வியாபாரம் செய்து லாபம் பார்க்க முடியாது என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கிகாபாய் பிரேம்சந்த் வழக்கு என்று ஆடிட்டர்களிடம் கேட்டால் சொல்வார்கள். இரண்டு வருடம் கழித்து இங்கிலாந்தில் ஒரு குதிரைப் பண்ணை வழக்கில் இதற்கு நேர்மாறாகச் சந்தை விலையே சரி என்று சொன்னார்கள். அந்த நாட்டுப் புத்தகத்தையோ வீடியோவையோ பார்த்துவிட்டு இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. நகைக் கடைக்காரர் கடை இருப்பிலிருந்து மகள் கல்யாணத்துக்கு நகை எடுத்தாலோ, மனை விற்பவர் ஒரு சைட்டைத் தனக்கென்று நிறுத்திக்கொண்டாலோ, அந்தப் பொருள் மூலதனச் சொத்தாக மாறுகிறது. 2018-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அப்படி மாறும் அன்றைய சந்தை மதிப்பே வருமானக் கணக்குக்கு எடுக்கப்படும். தின்று தீர்க்கும் அரிசி பருப்புக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

ஒரே பொருளை மாதத்தில் இரண்டு மூன்று விலையில் வாங்கியிருப்பீர்கள். கடைசியாக வந்த பில்லின் விலையைப் போடுங்கள். ஒவ்வொரு மாதமும் அதே முறையில் போனால் போதும், பத்து இருபது ரூபாய் வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மூன்றாவது: சரக்குக்கான பதிவு

பள்ளிக்கூடக் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் இதற்கு 'எடுப்புகள்' என்று பெயர். கணக்கு எழுதுகிறவர்கள் டிராயிங்ஸ் என்பார்கள். பதிவு இவ்வளவுதான்:

எடுப்புக் கணக்கு பற்று 9,000
கொள்முதல் கணக்கு வரவு 9,000

ஏன் கொள்முதலில் கழிக்கிறோம், ஏன் விற்பனையில் கூட்டக்கூடாது என்று அண்ணனும் கேட்டார். விற்க என்று வாங்கியதில் 9,000 ரூபாய்ச் சரக்கு விற்பனைக்கே வரவில்லை, வீட்டுக்குப் போய்விட்டது. அந்த அளவுக்குக் கடை வாங்கவே இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் நடந்ததோடு ஒத்துப்போகும்.

நிறையக் கடைகளில் வேறு ஒரு பழக்கம் இருக்கிறது. 'வீடு' என்று ஒரு வாடிக்கையாளர் பெயரைத் திறந்து, எம்.ஆர்.பி.க்குக் கடன் பில் போட்டுவிடுகிறார்கள். அளவு எழுதப்படுவது ஒன்றுதான் அதில் நல்லது. மற்றபடி விற்பனை வீங்கும், அதற்கு ஜி.எஸ்.டி. போகும், வராத லாபம் ஏறும், 'வீடு' தர வேண்டிய பாக்கி வருடக்கணக்கில் வளரும். ஒரு கடையில் இந்தப் பாக்கி நாலு லட்சத்தைத் தாண்டி நின்றதைப் பார்த்திருக்கிறேன். கடன்காரர் பட்டியலில் முதல் பெயரே அதுதான்.

நான்காவது: எடுத்த வரி வரவைத் திருப்புவது

நீங்கள் வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. கட்டுகிறவர் என்றால் இந்தப் படி உங்களுக்கு. காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு வரி வரவே கிடையாது. அவர்கள் வரியோடு சேர்ந்த பில் விலையையே எடுப்பில் போட்டுவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

கொள்முதல் பில்லில் கட்டிய வரியை, அந்தச் சரக்கை விற்று வரும் வரியில் கழித்துக்கொள்கிறோம், அதுதான் வரி வரவு. வீட்டுக்குப் போன சரக்கு விற்காது. சொந்த உபயோகத்துக்குப் போன பொருளுக்கு வரி வரவு இல்லை என்று ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவில் நேராகவே சொல்கிறது. ஆகவே எடுத்த வரவைத் திருப்ப வேண்டும்.

ஜூன் மாத 9,000 ரூபாயை வரி விகிதப்படி பிரித்தோம். மூட்டையிலிருந்து அளந்து எடுத்த அரிசி, சில்லறைப் பருப்பு போன்ற வரியில்லாத சரக்கு 4,300. எண்ணெய் முதலான 5% சரக்கு 4,200, அதற்கு வரி 210. சோப்பு, பேஸ்ட், சோப்புத்தூள் என்று அப்போது 18% இருந்தவை 500, அதற்கு வரி 90. மொத்த வரி 300.

அப்போது பதிவு இப்படி மாறும்:

எடுப்புக் கணக்கு பற்று 9,300
கொள்முதல் கணக்கு வரவு 9,000
உள்ளீட்டு மத்திய ஜி.எஸ்.டி. வரவு 150
உள்ளீட்டு மாநில ஜி.எஸ்.டி. வரவு 150

அந்த 300 ரூபாயை மாத ரிட்டர்னில் காட்டும் இடம் `GSTR-3B`-ல் `4(B)(1)`. விகிதத்தில் ஒரு எச்சரிக்கை: 2025 செப்டம்பர் 22-லிருந்து குளியல் சோப்பு, பேஸ்ட் எல்லாம் 5 சதவீதத்துக்கு வந்துவிட்டன. ஆனால் நீங்கள் திருப்ப வேண்டியது இன்றைய விகிதத்தை அல்ல, அந்தச் சரக்கை வாங்கிய பில்லில் எந்த வரியை வரவாக எடுத்தீர்களோ அதை. பழைய இருப்பை எடுத்திருந்தால் 18 சதவீதமாகவே திருப்ப வேண்டியிருக்கும்.

மாதாமாதம் செய்துவிட்டால் பிரச்சினை இல்லை. வருடக் கடைசியில் மொத்தமாகத் திருப்பினால், பயன்படுத்திவிட்ட வரவுக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி சேரும். தொகை சின்னதுதான், ஆனால் நோட்டீஸ் வந்த பிறகு கட்டுவது சின்ன வேலை இல்லை.

ஐந்தாவது: வீட்டு பில்கள்

சரக்கை விட இங்கேதான் அதிகம் கலக்கிறது. ஜிபே வந்த பிறகு இன்னும் மோசம். கடைக் கரண்ட் அக்கவுண்டிலிருந்துதான் எல்லாமே போகிறது. பால்காரரில் தொடங்கி மொய் வரை.

பதிவு ஒன்றுதான். ரொக்கமாகப் போனால் எடுப்புக் கணக்கு பற்று, ரொக்கக் கணக்கு வரவு. அக்கவுண்டிலிருந்து போனால் எடுப்புக் கணக்கு பற்று, வங்கிக் கணக்கு வரவு. எந்தச் செலவுத் தலைப்பையும் தொடக் கூடாது.

எது சொந்தம், எது கடை என்று தடுமாறும் சில இடங்களை மட்டும் சொல்கிறேன்.

எல்.ஐ.சி. பிரீமியம் சொந்தம். கடைக்கும் சரக்குக்கும் போட்ட தீ விபத்து இன்சூரன்ஸ் கடைச் செலவு. இரண்டையும் 'இன்சூரன்ஸ்' என்ற ஒரே தலைப்பில் போட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. உங்கள் வருமான வரியும் சொந்தம்தான். கடையில் வந்த லாபத்துக்குத்தானே கட்டினேன் என்று தோன்றும், ஆனால் வரி உங்கள் பேரில், உங்கள் பான் எண்ணில். அதுவும் எடுப்பு.

நகைக்கடனில் நகை யாருடையது என்று பார்க்க வேண்டாம், பணம் எங்கே போனது என்று பாருங்கள். அக்காவின் நகையை வைத்துத் தீபாவளிச் சரக்கு இறக்கினால் வட்டி கடைச் செலவு. அதே நகையை வைத்து மச்சினன் கல்யாணத்துக்குச் சீர் செய்தால், கடைக் கல்லாவிலிருந்து கட்டும் அசலும் வட்டியும் எடுப்பு. அடகு ரசீதின் பின்னால் இன்னதற்கு என்று அன்றைக்கே ஒரு வரி எழுதி வையுங்கள்.

மொய் எடுப்பு. "நம்ம கஸ்டமர் வூட்டுக் கல்யாணமுங்க, அது வியாபாரத்துக்குத்தானுங்க" என்பார்கள். உங்கள் வீட்டு விசேஷத்தில் அவர் திருப்பிச் செய்யும்போது அந்தப் பணத்தைக் கடை வரவில் போடுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து கலப்பு பில்கள். அந்தக் கடையில் கீழே கடைக்கு ஒரு மீட்டர், மாடி வீட்டுக்கு ஒரு மீட்டர். அதனால் கரண்ட் பில்லில் குழப்பமில்லை, மாடி பில் முழுவதும் எடுப்பு. வண்டியும் போனும்தான் இரண்டுக்கும் பொது. இரண்டு வாரம் வண்டி ஓடிய கிலோமீட்டரைக் குறிக்கச் சொன்னேன். மூன்றில் இரண்டு பங்கு சரக்கு எடுக்கவும் வசூலுக்கும், ஒரு பங்கு வீட்டுக்கு. மாதப் பெட்ரோல் 1,500 ரூபாய்க்கு:

வாகனச் செலவு பற்று 1,000
எடுப்புக் கணக்கு பற்று 500
ரொக்கக் கணக்கு வரவு 1,500

போனும் நெட்டும் சேர்ந்து 625. நாற்பது சதவீதம் வீட்டுக்கு என்று வைத்து 250-ஐ எடுப்பில் போட்டோம். அந்த பில் அண்ணன் சொந்தப் பெயரில் இருந்ததால் அதில் வரி வரவு எடுத்திருக்கவே இல்லை. கடையின் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் என்றால் வீட்டுப் பங்குக்கான வரியையும் திருப்ப வேண்டும். பங்கை எப்படிப் பிரித்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி ஃபைலில் வையுங்கள். சதவீதம் ஏதாவது இருக்கலாம், காரணம் இல்லாமல் இருக்கக்கூடாது.

ஜூன் மாத எடுப்பு கடைசியில் இப்படி நின்றது. சரக்கு வரியோடு 9,300. எல்.ஐ.சி. காலாண்டு பிரீமியம் 7,500. வீட்டுக் கரண்ட் பில் 2,400. ஸ்கூல் வேன் 1,500. சிலிண்டர் 870. பெட்ரோலும் போனும் 750. அக்கா கையில் கொடுத்த வீட்டுச் செலவு 10,000. ஆகமொத்தம் 32,320. அண்ணன் இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "பத்தாயிரத்துல குடும்பம் ஓடுதுன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றார்.

டேலியில் போடுகிறவர்களுக்கு

`Drawings` என்று ஒரு லெட்ஜரை `Capital Account` குரூப்புக்குக் கீழே திறங்கள். `Indirect Expenses` கீழே திறந்தால் எல்லாமே செலவாகப் போய்விடும். பில்களுக்கு `F5`, அதாவது பேமென்ட் வவுச்சர்.

சரக்குக்கு `Goods Withdrawn` என்று இன்னொரு லெட்ஜரை `Purchase Accounts` கீழே, இருப்பைத் தொடாத லெட்ஜராகத் திறந்து, மாதம் ஒருமுறை `F7` ஜர்னலில் இப்படிப் போடலாம்:

```
Dr  Drawings         9,300
Cr  Goods Withdrawn  9,000
Cr  Input CGST         150
Cr  Input SGST         150
```

இத்தோடு நிறுத்தினால் ஒரு ஓட்டை இருக்கும். டேலியில் இருப்புப் பட்டியலையும் பராமரிக்கிறவர்களுக்கு, இந்த ஜர்னல் பணத்தை மட்டும்தான் மாற்றும். எண்ணெய் டின் இருப்பில் அப்படியே இருக்கும். கொள்முதல் குறைந்துவிட்டது, இருப்போ குறையவில்லை என்றால் லாபம் 9,000 அதிகமாகத் தெரியும். ஆகவே அளவைக் குறைக்க `Alt+F7` ஸ்டாக் ஜர்னலில் அதே பொருட்களை வெளியே போனதாகக் காட்டுங்கள். இருப்பைக் கையால் எண்ணி வருடக் கடைசியில் ஒரே தொகையாகப் போடுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது பதிவு தேவையில்லை. எண்ணும்போது டின் அங்கே இருக்காது, அவ்வளவுதான்.

வருட முடிவு: ஏன் யாருக்கும் தெரியவில்லை

2024-25 கணக்குக்குத் திரும்புவோம். அண்ணன் எழுதி வைத்திருந்தபடி மொத்த லாபம் 4,50,000. செலவு 2,70,000. நிகர லாபம் 1,80,000. எடுப்பு என்று எழுதியது அக்காவுக்குக் கொடுத்த 1,20,000 மட்டும்.

செலவுத் தலைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்ததில் 84,000 ரூபாய் வீட்டு பில் உள்ளே இருந்தது. இன்சூரன்ஸில் எல்.ஐ.சி. 30,000. போக்குவரத்தில் ஸ்கூல் வேன் 18,000. கரண்டில் மாடி பில் 14,400. இதரச் செலவில் சிலிண்டர் 9,600. பெட்ரோல், போனில் வீட்டுப் பங்கு 9,000. கடைசியாக, தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பழனி போன வேன் வாடகை 3,000, அதுவும் 'சரக்கு வண்டி' என்ற பெயரில்.

திருத்தப் பதிவு நேரானது. எடுப்புக் கணக்கைப் பற்று வைத்து, அந்தந்தச் செலவுத் தலைப்பை வரவு வைத்தோம். சரக்குக்கு 1,08,000 கொள்முதலில் கழித்து, அதற்கான வரி 3,600-ஐத் திருப்பினோம். மார்ச் மாத 3பி அப்போது இன்னும் தாக்கல் ஆகவில்லை என்பதால் அதிலேயே சேர்த்துவிட்டோம், வட்டி சில நூறு ரூபாய் தனியாக.

திருத்திய பிறகு மொத்த லாபம் 5,58,000. உண்மையான கடைச் செலவு 1,86,000. நிகர லாபம் 3,72,000. எடுப்பு மொத்தம் 3,15,600. வருடக் கடைசியில் எடுப்புக் கணக்கை முதல் கணக்கில், அதாவது மூலதனக் கணக்கில், மூடும் பதிவு:

முதல் கணக்கு பற்று 3,15,600
எடுப்புக் கணக்கு வரவு 3,15,600

இப்போது முதல் கணக்கைப் பாருங்கள். ஆரம்ப முதல் 9,00,000. பழைய கணக்குப்படி லாபம் 1,80,000 கூட்டி எடுப்பு 1,20,000 கழித்தால் 9,60,000. புதிய கணக்குப்படி 3,72,000 கூட்டி 3,15,600 கழித்தால் 9,56,400. வித்தியாசம் வெறும் 3,600, அதுவும் திருப்பிய வரி. லாபம் இரண்டு மடங்குக்கு மேல் மாறியிருக்கிறது, ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் கடைசி வரி அசையவே இல்லை. இரண்டு பக்கமும் டேலி ஆகிவிட்டது, கணக்கு சரியாகத்தான் இருக்கும் என்று இத்தனை வருடம் நம்பியதற்கு இதுதான் காரணம். எடுப்பை எழுதாத தவறு, லாபத்தையும் எடுப்பையும் ஒரே அளவு குறைத்துவிட்டுத் தன் தடத்தையே அழித்துவிடும்.

அதனால் வரியாவது மிச்சமானதா என்றால் அதுவும் இல்லை. அந்த ஆண்டு புதிய வரி முறையில் 7 லட்சம் வருமானம் வரை வரி கிடையாது. அண்ணனுக்கு 1,80,000-க்கும் பூஜ்யம், 3,72,000-க்கும் பூஜ்யம். ஆனால் அதற்கு முந்தைய வருடம் குளிர்பதனப் பெட்டி வாங்க ஒரு வங்கியில் கடன் கேட்டபோது, இதே மாதிரி வற்றிய லாபத்தைப் பார்த்துவிட்டு இவ்வளவு வருமானத்தில் தவணை எப்படிக் கட்டுவீர்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

வருமானம் பெரியதாக இருப்பவர்களுக்கு ஆபத்து வேறு பக்கம். வீட்டில் கார், பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி, எடுப்புக் கணக்கிலோ மாதம் ஐயாயிரம் என்றால், மீதிக் குடும்பச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று வருமான வரி அதிகாரி கேட்பார். பதில் இல்லையென்றால் விளக்கமில்லாத செலவு என்று வருமானத்தில் சேர்த்துவிட முடியும். கடைச் சரக்குதான் சார் சாப்பிட்டோம் என்று அப்போது சொல்வதற்கு அந்தக் கயிறு கட்டிய நோட்டுதான் வேண்டும்.

அந்த நோட்டு இப்போது இரண்டாவது புத்தகம் ஓடுகிறது. போன வாரம் போயிருந்தபோது பையன்தான் எடுத்துக் கொடுத்தான். கடைசிப் பக்கத்தில் அக்கா கையெழுத்தில் ஒரு வரி: "நல்லெண்ணெய் 1 லிட்டர், பாதி கோயில் வெளக்குக்கு, பாதி நமக்கு. எதுல எழுதறதுங்க?" கீழே அண்ணன் பதில் எழுதியிருந்தார்: "ரெண்டுமே நம்ம கணக்குதான்."